கோட்டுக்கு உள்ளே சிவப்பு

ரொட்டிக்கடை அக்காவைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. பேக்கரியில் சூடு ஆறிய ரொட்டிகளை மெஷினில் கொடுத்துத் துண்டு போட்டு, உறையில் இட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்குவது அவள் வேலை. கை ஓயும்போதும் வாய் ஓயாது. "இது நேத்து ரொட்டியா?" என்று யாராவது கேட்டுவிட்டால், "ஏன், என்னைப் பாத்தா நேத்து பொறந்தவ மாதிரியா இருக்கு?" என்பாள். கேட்டவர் சிரித்துவிட்டு இரண்டு பாக்கெட்டாக வாங்கிப் போவார்.

அவள் புருஷன் பெயிண்டர். லாரிகளுக்கு வண்ணம் அடிக்கிற பட்டறையில் இருந்தார். ஸ்கேல் இல்லாமல் ஒரு லாரியின் நீளத்துக்குக் கோடு இழுப்பார். பிரஷ்ஷை எடுத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்த்தான் விடுவார். பேச்சு மட்டும் கிடையாது. "எங்க வீட்ல ரெண்டு பேர் பேச்சையும் நானே பேசித் தீர்க்கணும்" என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

ஒரே மகள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். அங்கே இரண்டு முறை வயிற்றில் தங்கிய பிள்ளை தங்காமல் போயிற்று. இரண்டு முறையும் அம்மா போக முடியவில்லை. இரண்டு முறையும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மகள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் மிச்சம். மூன்றாவது நின்றது. மாதம் ஏற ஏற அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேக்கரியில் லீவு சொல்லி, விமானத்துக்குச் சீட்டும் எடுத்தாயிற்று.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பட்டறையில் லாரிக் கதவு ஒன்று ஸ்டாண்டிலிருந்து நழுவியது. அதன் தகரம் பெயிண்டரின் வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் பக்கமாக நீளமாகக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கழுவி, ஊசி போட்டு, தையல் போட்டு அனுப்பினார்கள். அவருக்குச் சர்க்கரை உண்டு. அதனால் இரண்டாம் நாளே காயம் பார்க்கிற சிஸ்டர் திரும்ப வரச் சொல்லியிருந்தாள்.

கட்டைப் பிரித்ததும் அக்கா முகத்தைச் சுளித்தாள். "சிஸ்டர், சுத்தி ஒரு மாதிரி கருஞ்சிவப்பா கெடக்கே. சீழ் பிடிக்குதா?"

"இல்லம்மா. தையல் போட்ட இடம் முதல் ரெண்டு மூணு நாள் இப்படித்தான் இருக்கும். காயம் ஆறுறதுக்கு ரத்தம் அங்க வருது. தையலை ஒட்டி மெல்லிசா இருக்கணும், நாளுக்கு நாள் குறையணும். குறைஞ்சா ஆறுதுன்னு அர்த்தம். குறையாம அகலமாச்சுன்னா வேற விஷயம்."

பிறகு நீல மார்க்கர் ஒன்றை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த எல்லையில் காயத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். "தினம் காலையில ஜன்னல் வெளிச்சத்துல ஒரு போட்டோ. பிளாஷ் வேண்டாம், கலர் மாறிடும். ஒரே இடம், ஒரே தூரம். பக்கத்துல ஒரு சின்ன ஸ்கேல் வைங்க. எனக்கு அனுப்புங்க. சிவப்பு கோட்டைத் தாண்டினா அன்னிக்கே வந்துடணும், நாளைக்குப் பாக்கலாம்னு இருக்கக் கூடாது."

"இவரு நிறத்துக்குச் சிவப்பு தெரியுமா?" என்றாள் அக்கா. பெயிண்டர் நல்ல கறுப்பு.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. கறுத்த தோல்ல சிவப்பாத் தெரியாது. கருஞ்சிவப்பா, ஊதாவா, தோல் இழுத்த மாதிரி பளபளன்னு தெரியும். அதனால கண்ணை மட்டும் நம்பாதீங்க. புறங்கையை வச்சுப் பாருங்க, சூடா இருக்கான்னு. வலி குறையுதா கூடுதான்னு அவரைக் கேளுங்க. குளிர், காய்ச்சல், சீழ் எது வந்தாலும் உடனே வந்துடணும்."

வீட்டில் அக்காவே படம் எடுத்தாள். ஜன்னலோரம் ஒரு ஸ்டூல், அதன் மேல் துண்டு, துண்டின் மேல் கால், பக்கத்தில் ஸ்கேல். அடுத்தடுத்த படங்களில் கருஞ்சிவப்பு கோட்டைவிட்டு உள்ளே சுருங்கி வந்தது. "நல்லா இருக்கு, நாளைக்கும் அனுப்புங்க" என்று சிஸ்டர் பதில் போட்டாள். புறங்கையை வைத்தால் சூடு இல்லை. அக்கா பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் பேக்கரியிலிருந்து வரும்போது பெயிண்டர் படத்தை எடுத்து வைத்திருந்தார்.

"நீங்களே எடுத்துட்டீங்களா?"

"நீ இல்லாதப்ப நான்தானே எடுக்கணும். பழக வேண்டாமா?"

படத்தில் சிவப்பு கோட்டுக்கு உள்ளேதான் இருந்தது. கோடு மட்டும் புதிதாய்ப் பளிச்சென்றிருந்தது.

"குளிச்சதுல மங்கிடுச்சு. அதுமேலயே திரும்ப இழுத்தேன்" என்றார்.

தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். காலை இழுத்துக்கொண்டு, "இப்பத்தான் கட்டினேன். திரும்பப் பிரிக்கச் சொல்றியா?" என்றார். வலிக்கிறதா என்றதற்கு இல்லை என்று தலையாட்டினார். அக்காவும் அதற்குமேல் கேட்கவில்லை. பெட்டி மூட மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. மகளுக்கு ஊறுகாய் பாட்டில் வேறு உள்ளே போக வேண்டும். அவர் எடுத்த படத்தைத் தன் போனுக்கு வாங்கி அவளே சிஸ்டருக்கு அனுப்பினாள்.

மறுநாள் வாசல்வரை வந்து பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார். நொண்டவில்லை. நொண்டாமல் நடக்க அந்த மனிதர் எவ்வளவு பல்லைக் கடித்திருப்பார் என்பதைப் பிற்பாடுதான் அவள் நினைத்துப் பார்த்தாள். "பாத்துப் போ. பிள்ளையோட படம் ஒண்ணு நாளைக்கு அனுப்பு" என்றார். பிள்ளை இன்னும் பிறக்கக்கூட இல்லை.

அவள் போய் இறங்கிய மறுநாளே பிரசவம் ஆகிவிட்டது. ஆண். அழுத குரல் கேட்டதும் மகள் அம்மாவின் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. பெயிண்டருக்குப் படம் போயிற்று. அவரிடமிருந்து வந்தது ஒற்றை வரி: "மூக்கு என்னோடது." கூடவே காலின் படமும். ஸ்கேல் இல்லை. சிஸ்டரும் ஸ்கேல் வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தாளாம். வைக்கிறேன் என்று பதில் சொல்லி, மறுபடியும் வைக்காமலே அனுப்பியிருந்தார்.

மகளும் குழந்தையும் வீட்டுக்கு வந்த நாளில், மத்தியானம் இருவரும் தூங்கும்போது, அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள். பேரனைத் திரும்பப் பார்த்துவிட்டு விரலைத் தள்ளினாள், காலின் படங்கள் வந்தன. முதல் படத்திலிருந்து கடைசிவரை வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

பெயிண்டரின் காலில், காயத்துக்குச் சற்றுத் தள்ளி, வெல்டிங் பொறி பட்ட பழைய தழும்பு ஒன்று உண்டு. உளுந்தளவு, வெள்ளையாக. முதல் படங்களில் அது கோட்டுக்கு வெளியே தனியாக இருந்தது. கடைசிப் படத்தில் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் படத்தைப் பெரிதாக்கினாள். அதில் ஸ்கேல் இருந்தது. சிஸ்டர் போட்ட கோடு காயத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டரில் இருந்தது. இந்தப் பளிச்சென்ற கோடு நாலைத் தொட்டது. அதற்கு உள்ளே, தேய்த்து அழித்தும் முழுசாகப் போகாமல், பழைய நீலக் கோட்டின் நிழல் தெரிந்தது. பிறகு வந்த படங்களில் போனைத் தூர வைத்து எடுத்திருந்தார். அதனால் வட்டம் பெரிதானது தெரியவில்லை. தோல் மட்டும் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது.

போன் போட்டாள். நெடுநேரம் கழித்து எடுத்தார்.

"ஏங்க, கோட்டை எத்தனை தரம் மாத்தி வரைஞ்சீங்க?"

மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்தவன் மூச்சுபோல.

"சொல்லுங்க!"

"நீ போயிட்டு வரணும்னுதான்" என்றார். "சொன்னா டிக்கெட்டைக் கிழிச்சிருப்ப. மூணாவது தரமும் அவ தனியாக் கெடக்கணுமா?" பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஊதா லாரி வந்துடுச்சா?" என்று கேட்டார். அவள் எந்த லாரி என்றாள். அவர் ஏதோ முனகினார்.

அடுத்த தெருவில் இருந்த கொழுந்தனுக்கும் சிஸ்டருக்கும் போன் போட்டாள். அவன் கதவைத் தள்ளித் திறந்து, அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். சிஸ்டரே வாசலில் நின்றிருந்தாள். தையலைப் பிரித்து, சீழை வடித்து, சிவப்பு மேலே தொடைவரை ஏறியிருந்ததைப் பார்த்து, உடனே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மருந்து ஏற ஏறப் பிரஷர் இறங்கியது. அக்கா திரும்பி வர விமானத்தில் இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் கூப்பிட்டான். "அண்ணி, அண்ணன் போயிட்டாரு" என்றான்.

வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அவளுடைய போனை வாங்கிப் பார்த்தார்கள். அந்த நாட்களில் அவள் அவரை எடுத்த படங்கள் ஏராளமாக இருந்தன. எல்லாம் கால். ஒன்றிலும் முகம் இல்லை. கடைசியில் பட்டறை அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கினார்கள்.

காரியம் எல்லாம் முடிந்தபின் சிஸ்டர் வீட்டுக்கு வந்தாள். தரையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னன்னிக்கு வந்த படத்தை அன்னன்னிக்குப் பாத்தேம்மா. பழசோட பக்கத்துல வச்சுப் பாக்கல. ஸ்கேல் இல்லைன்னதும் வரச் சொல்லியிருக்கணும்."

"நான்தான் பக்கத்துலயே இருந்தேன், சிஸ்டர்" என்றாள் அக்கா. "தொட்டுப் பாக்கலையே. அவர் காலை இழுத்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பெட்டியை மூடப் போயிட்டேன்."

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் தினமும் கூப்பிட்டாள். ஒருநாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, வீங்கிய கண்ணோடு கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கால் மோசமானது முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுதான் உன்னை அனுப்பினாரா?"

அக்கா வாழ்நாளில் பேச்சுக்கு யோசித்தவள் இல்லை. அன்றைக்கு யோசித்தாள்.

"இல்லடி. அவருக்கே தெரியல. சர்க்கரை இருந்தா வலி தெரியாதாம். நான் அங்க வந்தப்புறம் திடீர்னு பரவிடுச்சு."

"நிஜமாவா?"

"பின்ன? தெரிஞ்சிருந்தா என்கிட்டச் சொல்லாம இருப்பாரா?"

மகள் நம்பினாள். நம்பியது முகத்தில் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அழுகை நின்று, குழந்தைக்குப் பசிக்கிறது என்று போனை வைத்தாள்.

அக்கா திரும்பப் பேக்கரிக்குப் போகிறாள். யாராவது ரொட்டி நேற்றையதா என்று கேட்டால், "இன்னிக்குப் போட்டதுதான்" என்று மட்டும் சொல்லி, உறையை நீட்டிவிடுகிறாள்.