அவள் குரலில் படித்த செய்யுள்

தேர்வுக்குப் படிக்க நானும் என் தோழியும் பாடத்தைப் பங்கு போட்டுக்கொண்டோம். செய்யுள் அவளுக்கு, இலக்கணம் எனக்கு. கடிதம் இருவருக்கும் பொது. அவளுக்கு ஒற்று மிகும் இடம் சுட்டுப்போட்டாலும் வராது. எனக்குச் செய்யுளில் இரண்டாவது அடி நினைவிலேயே நிற்காது.

எஸ்டேட் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து படிப்போம். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் நான் தமிழ் எடுத்ததே அவள் நச்சரிப்பு தாங்காமல்தான். அவளுக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆக வேண்டும். தமிழில் நல்ல தேர்ச்சி இல்லாமல் அந்தப் பயிற்சிக்கு மனுவே போட முடியாது.

மற்றத் தாள்கள் முடிந்து, தமிழ் மட்டும் மிச்சமிருந்த நேரத்தில் அவள் குடும்பம் ரவாங் பட்டணத்துக்கு மாறியது. தேர்வு இடைவெளியில் சும்மா இருப்பானேன் என்று அவள் அப்பா அவளைத் தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்குத் தமிழ் ஒரு கூடுதல் பாடம், அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் ஆறவில்லை.

அதன்பின் எல்லாம் வாட்ஸ்அப்தான். வேலை இடைவேளையில் செய்யுளை ராகம் போட்டுப் பாடி, பொருளும் சொல்லி அனுப்புவாள். பின்னால் இயந்திரச் சத்தம். நடுவில் யாரோ மலாயில் கூப்பிடுவார்கள். "இருடி, சூப்பர்வைசர் வராரு" என்று கிசுகிசுத்துவிட்டு, விட்ட அடியிலிருந்து தொடங்குவாள். நானும் பதிலுக்கு, "இரண்டாம் வேற்றுமை உருபு வந்தா ஒற்று மிகும்டி, புத்தகத்தைப் படித்தேன், சரியா? அலுவல் கடிதத்துல தலைப்புக்குக் கோடு போட மறக்காத" என்று அனுப்புவேன்.

தேர்வுக்கு முதல் நாள் கேட்டேன். "லீவு கொடுத்துட்டாங்களா? எங்கப்பா காடி ஓட்டிட்டு வந்து உன்னை ஏத்திக்கட்டுமா?"

"வேணாம்லா. வரேன். நீ போய்ச் செய்யுளைப் பாரு."

அப்பாவை அனுப்பியிருக்கலாம். எத்தனை தடவை நினைத்துவிட்டேன். அந்த "வரேன்" இழுத்த இழுப்பிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நானோ செய்யுள் கவலையில் தூங்கப் போய்விட்டேன்.

மண்டபத்தில் என் பக்கத்து மேசையில் அவளுடைய எண் ஒட்டியிருந்தது. வினாத்தாள் கொடுத்தார்கள். கதவு சாத்தினார்கள். செய்யுள் கேள்வியில், எனக்கு எப்போதும் நழுவும் அதே செய்யுள் வந்திருந்தது. அவள் குரல் காதில் பாட, ஓர் அடி பிசகாமல் எழுதினேன். கை எழுதிக்கொண்டே இருந்தது, கண் பக்கத்து மேசைக்கே போனது.

வெளியே வந்ததும் குரல் பதிவு அனுப்பினேன். "எங்கடி போய்த் தொலஞ்ச? ஏன்டி வரல?" அழுதுவிட்டேன்.

மதியம்தான் பதில் வந்தது. பின்னால் அதே இயந்திரச் சத்தம்.

"செய்யுள் வந்துச்சா? ரெண்டாவது அடி ஞாபகம் இருந்துச்சாடி?"