வாய் ஜாஸ்தி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கெடிலம் மோட்டார்ஸ் என்று ஒரு பஸ் கம்பெனி இருந்தது. அதன் ஆபீசில் ஆள் சேர்ப்பு, விடுப்பு, நிரந்தரம் எல்லாம் பார்த்த குமாஸ்தா ஜமாலுதீன். அவரை எல்லோரும் 'ஏன் பாய்' என்பார்கள். யார் என்ன அறிக்கை அனுப்பினாலும், ஓரத்தில் சிவப்பு மசியில் 'ஏன்?' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த மாதிரி மனிதர்களை இப்போது எங்கே தேடுவது!

அறுபத்து நாலாம் வருஷம் சிதம்பரம் கிளையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. பஸ்கள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் டைம்கீப்பர் அந்தோணிசாமிக்கு ஆறு மாத புரொபேஷன் அந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் நிரந்தரம் செய்ய வேண்டும், இல்லை நீட்டிக்க வேண்டும், இல்லை நிறுத்த வேண்டும். கிளை மேனேஜர் சிங்காரம் ஒரே வரியில் முடித்திருந்தார்: 'வாய் ஜாஸ்தி. நிறுத்திவிடலாம்.'

பாய் வழக்கம்போல் 'ஏன்?' போடப் பேனாவை எடுத்தார். காகிதம் போய் வருவதற்குள் வெள்ளி வந்துவிடும் என்று தோன்றியதும், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு சிதம்பரம் வண்டியில் ஏறிவிட்டார். அந்தப் பையனுக்குப் பெண் பேசி வைத்திருக்கிறார்கள், வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்பது ஆபீசுக்கே தெரிந்த விஷயம்.

"வாய் ஜாஸ்தின்னா, என்னைக்கு, யார்கிட்ட, என்ன சொன்னான்?" என்று பாய் கேட்டார்.

"டிரைவருங்க எல்லாம் சொல்றாங்க பாய்."

"எல்லாருமா? ஒரு ஆளு பேரு சொல்லுங்க."

சிங்காரம் தலையைச் சொறிந்து, டிரைவர் சின்னையன் பெயரைச் சொன்னார். பாய் ஆறு மாத டிரிப் ஷீட்டுகளையும் எடுத்துப் பிரித்தார். நாலு தேதிகளில் சின்னையன் வண்டிக்கு நேராக அந்தோணிசாமி 'தாமதம்' என்று எழுதியிருந்தான். சின்னையனைக் கூப்பிட்டுக் கேட்டதில், புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தியதை ஒப்புக்கொண்டான்.

"ஆனா அவன் சொன்னது தப்பில்லையா பாய்? ஆனித் திருமஞ்சனத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் நிக்குது. அத்தனை பேரு முன்னால, 'நீ பஸ் ஓட்டுறியா, தேர் ஓட்டுறியா?'ன்னுட்டான். இப்ப ஊரே என்னைத் தேர் சின்னையன்னு கூப்பிடுது. எம் பொண்டாட்டி உட்பட!"

பாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு அந்தோணிசாமியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சொன்னேன் சார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா ஒருத்தரும் எங்கிட்ட இதைத் தப்புன்னு சொல்லலியே" என்றான் அவன். பிறகு சின்னையன் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்க அண்ணே" என்றான்.

பாய் சிங்காரத்திடம் வெள்ளைத் தாளை நீட்டினார். "நீங்க பார்த்தது, மத்தவுங்க சொன்னது, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. தேதி போடுங்க. கண்டிச்சீங்களா இல்லியான்னும் எழுதுங்க. கடைசியா உங்க முடிவு."

"அப்படி எழுதினா, சின்னையனை நான் தட்டிக் கேக்காததும் வெளிய வரும் பாய்."

"வரட்டுமே. எழுதாம ஒருத்தன் பொழைப்பைக் கெடுக்கிறதுக்கு இது பரவால்ல."

சிங்காரம் கோபக்காரர், கெட்டவர் இல்லை. அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதினார். குறித்த தாமதங்கள் உண்மை. பயணிகள் முன் டிரைவரைக் கேலி செய்தது குற்றம். அதை முன்னால் யாரும் கண்டிக்கவில்லை. இன்று சொன்னதும் மன்னிப்புக் கேட்டான். எச்சரித்து நிரந்தரம் செய்யலாம். எழுதி முடித்ததும் அவருக்கே பாரம் இறங்கியது போலிருந்தது. முதலாளி அதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டார்.

உத்தரவோடு, சிங்காரம் எழுதிய காரணங்களின் நகலையும் வாங்கிய அந்தோணிசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பொண்ணு வீட்ல இந்தக் காகிதத்தைக் கேப்பாங்க சார். அந்தத் தேர் விஷயத்தை மட்டும் எடுத்துடுங்களேன்."

"நடந்ததை எப்படிப்பா எடுக்கிறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டார் பாய். ஆனால் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நம் நேர்மைக்கு ஒரு பெண்ணின் கல்யாணம் பலியாகிவிடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. வீட்டில் மனைவி ஜெய்னப், "உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று வேறு கேட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் ஆபீசுக்கு வந்தார். அந்தோணிசாமிக்குப் பேசியிருந்த பெண் சவரியம்மாளின் தகப்பனார். கையில் அதே நகல் இருந்தது.

"இதை எழுத வெச்சது நீங்கதானா?"

"ஆமா."

"எத்தினியோ பசங்க சர்ட்டிபிகேட்டு காட்டினாங்க பாய். எல்லாத்திலியும் நல்லவன், வல்லவன். எதை நம்புறது? இதுல குறையை மறைக்காம எழுதியிருக்கு. அப்ப இதுல சொல்லியிருக்கிற நல்லதும் நெசந்தானே?" பெரியவர் காகிதத்தைப் பத்திரமாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "வர்ற மாசம் கல்யாணம். குடும்பத்தோட வந்துடணும்."

பாய் எழுந்து வாசல்வரை போய் அவரை வழியனுப்பினார்.