அவர் சொன்னது ஒரே வரிதான்

என் மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கைக்கு ஓய்வு கிடைத்தாலும் அவர் மனசுக்குக் கிடைக்காது. நாலு தெரு தாண்டி வந்தபிறகு, போல்ட்டை முறுக்கினோமா இல்லையா என்று நடுத்தெருவில் நின்றுவிடுகிற ஆள்.

ஒரு வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் அவரிடம், "திங்கட்கிழமை என்னை வந்து பாருங்க, கொஞ்சம் பேசணும்" என்றாராம். அவ்வளவுதான். வீடு வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை வேலையை இழந்து, வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளின் படிப்பையும் நிறுத்திவிட்டார். எல்லாம் மனசுக்குள்ளேதான்.

"அவங்க துரத்துறதுக்கு முன்னாடி நானே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, டாக்டர் எழுதச் சொன்னது ராஜினாமாவையா? மனசுல ஓடுறதை அப்படியே எழுதுங்கன்னுதானே சொன்னாரு!"

தூக்கம் வரவில்லை என்று மாப்பிள்ளை போய்ப் பார்த்த டாக்டர் அவர். வாய் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நான் அன்றைக்கே கேட்டேன். மாப்பிள்ளை ஒருமுறை எழுதித்தான் பார்த்தார், ஆனால் வேலைக்கு எழுதும் அறிக்கை மாதிரி: 'மனம் இயங்குகிறது. சத்தம் உண்டு.' யாராவது படித்துவிட்டால் என்ற பயம் வேறு. நோட்டை மூடி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் நான் மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். நோட்டோடு வந்து நின்றார்.

"அத்தை, இங்க உட்கார்ந்து எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க மாப்பிள்ளை. படிக்கத் தெரியாத எனக்கு நேரா வெச்சாலும் தலைகீழா வெச்சாலும் ஒண்ணுதான்."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பேனா ஓடத் தொடங்கியது. அடிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. பட்டாணி தீர்ந்தும் அவர் நிறுத்தவில்லை. பிறகு மூச்சுவிட்டு, புதுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டார்.

"என்ன அது, பாகப்பிரிவினையா?"

"இந்தப் பக்கம் அவர் சொன்னது, அந்தப் பக்கம் நான் நினைச்சது. பழுது மோட்டார்லயா கதவுலயான்னு பிரிச்சாத்தானே அத்தை கை வைக்க முடியும்?"

எழுதி முடித்து வெறித்துப் பார்த்தார். "அவர் சொன்னது ஒரே வரி. மத்ததெல்லாம் நானே கட்டின மாடி."

"அஸ்திவாரம் இல்லாம இத்தனை மாடியா? அதுக்கும் ஒரு லிஃப்ட் வெச்சுடுங்க."

அடியில் இன்னும் ஒரு வரி எழுதினார். 'போய், என்ன விஷயம் என்று நேராகக் கேட்கவேண்டும்.' எனக்குப் படித்துக் காட்டினார். ராஜினாமாப் பேச்சு அதோடு நின்றது.

திங்கட்கிழமை கேட்டார். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவு உரசுகிறது என்று புகார். புகார் உண்மைதான், திட்டும் கிடைத்தது. அன்றே போய்ச் சரிசெய்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டார்.

கவலை அதற்குப்பிறகு வராமலில்லை. ஆனால் தலைக்குள் சுற்றிச்சுற்றி வருவது, காகிதத்தில் இறங்கினால் ஓரிடத்தில் நிற்கிறது என்கிறார். யாரிடமாவது வாய்விட்டுப் பேசினாலே போதும் என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. இருந்தாலும் அவர் நோட்டை எடுத்தால், பட்டாணிக் கூடையை நகர்த்தி இடம் விட்டுவிடுகிறேன்.