பதினெட்டு மணி நேரத்துக்குப் பேரம் கிடையாது

என் நாத்தனாருக்குப் பேரம் பேசாமல் எதையும் வாங்க வராது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் விலை எழுதி ஒட்டியிருக்கும் கடையிலேயே அவள் கேட்பாள். அதைப் பொறுத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். ஆனால் அவள் நைட்ரஜனிடம் பேரம் பேசுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாங்கள் இருவரும் நாற்பதைத் தாண்டிய பிறகு கடலுக்குள் மூழ்கக் கற்றுக்கொண்டவர்கள். என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், இன்றுவரை நீச்சல் குளத்தின் படியைத் தாண்டியதில்லை. சென்ற முறை பாலிக்குப் போனபோது மாண்டா திருக்கை ஒன்று எங்கள் தலைக்கு மேலே பாய் விரித்த மாதிரி போனது. படகில் வந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இவள் மட்டும் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஆற்றாமை அவளை விடவில்லை. "திருக்கைதானே, தேக்கா மார்க்கெட்ல கிடக்கு, போய்ப் பாரு" என்று அவள் அண்ணன் சொன்ன அன்று, எங்கள் வீட்டில் ஒருவரும் அவரோடு பேசவில்லை.

இந்த வருடம் அவளுக்கு ஐம்பது வயது. பிறந்தநாளுக்கு மாண்டா பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லீவு வியாழனும் வெள்ளியும்தான், திங்கள் காலை இருவரும் ஆபீஸில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு எட்டு மணி விமானம். தேக்கா பக்கம் ஒரு தோசைக்கடையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம்.

"வெள்ளி, சனி ரெண்டு நாளும் இறங்குறோம். ஞாயித்துக்கிழமை காலையிலயும் ஒண்ணு இறங்கிடலாம், அண்ணி. பத்து மணிக்கு மேல வந்துடுவோம். ராத்திரி பிளைட்தானே!"

"பத்து மணி நேரம்தான் இருக்கு. தொடர்ந்து பல நாள் இறங்குனா குறைஞ்சது பதினெட்டு மணி நேரம் விட்டுத்தான் பிளைட் ஏறணும்."

"பதினெட்டா? பதிமூணுன்னு வச்சுக்கலாம்."

வச்சுக்கலாமாம். ஆழத்தில் மூச்சு விடும்போது உடம்பில் கரைந்துவிடும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரே போனால் காற்றழுத்தம் குறைந்து, மூடி திறந்த சோடா மாதிரி குமிழி கட்டிக்கொள்ளும். மூட்டு வலியில் ஆரம்பித்து, முதுகுத்தண்டு வரை போய்விடலாம். பதினெட்டு என்பதுகூடக் குறைந்தபட்சம்தான், உத்தரவாதமில்லை. இதையெல்லாம் சாம்பார் ஆறும்வரை சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, பதினஞ்சு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இனி நான் சொல்வதில்லை, படகுக்காரர்களே சொல்லட்டும் என்று பாலியில் இரண்டு டைவிங் நிறுவனங்களுக்கு ஒரே கேள்விகளை அனுப்பினேன். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவசரமென்றால் அந்தக் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், கடல் மோசமாக இருந்தால் என்ன செய்வீர்கள். கடைசியாக, ஞாயிறு காலை இறங்கி இரவு விமானம் ஏறலாமா.

முதல் ஆளிடமிருந்து இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே "நோ பிராப்ளம்". கூடவே சூரிய அஸ்தமனப் படங்கள் மூன்று. நாத்தனார் தானே அவனுக்குப் போன் செய்தாள். அன்று மாலை தெம்பனிஸில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்.

"அண்ணி! பதினெட்டைப் பத்தாக் குறைச்சுட்டான்! ஆழம் கம்மியா ஒரே ஒரு டைவ்தானே, ஓகேங்கிறான்!"

அவ்வளவு சந்தோஷம். பட்டுப்புடவையைப் பாதி விலைக்கு வாங்கி வந்த முகம்.

இரண்டாவது நிறுவனத்திலிருந்து மறுநாள்தான் பதில் வந்தது. எழுதியது ஒரு பெண். ஆக்சிஜன் சிலிண்டரை அளவுமானி தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு வழிகாட்டிக்கு நாலு பேருக்கு மேல் இல்லை, அழுத்த அறை பாலித் தலைநகர் டென்பசாரில், படகிலிருந்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பது வரை எழுதியிருந்தாள். கடைசிக் கேள்விக்குப் பதில் ஒரே வரி: எங்களிடம் இருபத்துநாலு மணி நேரம், சனி மதியத்தோடு சரி. பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். கடைசியாக எப்போது இறங்கினீர்கள், மொத்தம் எத்தனை முறை, ஆஸ்துமா உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, டைவிங் காப்பீடு இருக்கிறதா.

"என்ன அண்ணி இவ, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்குறா? நாமதானே கஸ்டமர்!"

"அதான். உன்னை ஒண்ணுமே கேக்காம தண்ணிக்குள்ள தள்ளத் தயாரா இருக்கானே, அவன்கிட்ட போறியா? பத்து மணி நேரம்னு அவன் சொல்லலாம். பிளைட்ல ஏறப்போறது அவனா?"

"சனிக்கிழமைக்குள்ள மாண்டா வரலைன்னா?" என்று கேட்டாள். குரலில் பேரம் இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. வராமல் போகலாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அவளே அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை ஆமைகள் வந்தன. சனிக்கிழமைதான் மாண்டா இடத்துக்குப் போவதாக இருந்தது. காலையில் அலையைப் பார்த்ததும், எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அந்தப் பெண் வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் படகை வேறு பக்கம் திருப்பினாள். மதியம் இரண்டு மணிக்குக் கடைசியாக மேலே வந்தபோது நாத்தனார் முகமூடியைக் கழற்றவே இல்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டின்போது, சும்மா இருக்கப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு மலைக்கோயில் போகலாமா என்றாள். பக்கத்து மேசையிலிருந்து அந்தப் பெண்ணே திரும்பி, மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான், கூடாது என்றாள். "சாமி கும்பிடக்கூட இருபத்துநாலு மணி நேரமா!" என்று நாத்தனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

ஞாயிறு காலை கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. மற்றவர்களை ஏற்றிக்கொண்டு படகு மாண்டா இடத்துக்குக் கிளம்பத் தயாரானது. அந்தப் பெண் எங்களையும் கூப்பிட்டாள். சிலிண்டர் கிடையாது. மிதவை உடையும் மூச்சுக்குழாயும் மட்டும். மேலேயே மிதக்கலாம், ஒரு அடி கூடக் கீழே போகக்கூடாது. சரி என்றால் வாருங்கள்.

நாத்தனார் சரி என்றாள். ஒரு அடியாவது கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை.

குப்புற மிதந்துகொண்டிருந்தோம். முதலில் நிழல் மாதிரி ஒன்று. பிறகு வாயை அகலத் திறந்துகொண்டு அது மேலே மேலே வந்தது. எங்களுக்கு நேர் கீழே, மூன்று நாலு அடியில், வெள்ளை வயிற்றைக் காட்டிப் புரண்டு திரும்பியது. கீழே இறங்கித் தொடர்ந்து போகலாம் என்று எனக்கே கால் துடித்தது. அவள் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு, அசையாமல் மிதந்தாள். மூச்சுக்குழாய் வழியாக அவள் ஏதோ கத்துவது மட்டும் கேட்டது. என்ன கத்தினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிரவு விமானம் மேலெழும்பி, சீட்பெல்ட் விளக்கு அணைந்ததும் அவள், மூழ்கியதையெல்லாம் பதியும் டைவ் குறிப்பேட்டைத் திறந்தாள். மிதந்ததெல்லாம் அதில் சேராது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தேதி எழுதினாள். இடம் எழுதினாள். ஆழம் என்ற கட்டத்தில் 'பூஜ்யம்' என்று எழுதி, பக்கத்தில் மாண்டா என்று எழுதி, இரண்டு கோடு போட்டாள். பிறகு கூட இறங்கிய கூட்டாளி கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினாள்.

"இது கணக்குல வராதும்மா" என்றேன்.

"தெரியும், அண்ணி. இது ஒண்ணாவது குறைச்சுக் குடுங்களேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.