பெயர் மாறிய கட்டளை

பட்டுக்கடைக் கணினி முன்னால் முதலாளி, கணக்குப்பிள்ளை, நான் மூவரும் நின்றோம். பில் புரோகிராமின் புதுப் பதிப்பை ஃபிளாப்பியில் அனுப்பியிருந்த சென்னைக்காரர் அங்கே இல்லை. அதை ஏற்றியதிலிருந்து, பில் அடிக்கும் கட்டளைகளை நான் வரிசையாக எழுதிவைத்த பேட்ச் ஃபைல் ஓடவில்லை.

“ஃபிளாப்பியோட வந்த ரீட்மீ குறிப்புல போட்டிருக்குதுங்க. BILL கட்டளைக்கு இனிமே INVOICE-னு பேராம். நம்ம பேட்ச் ஃபைல்ல அந்த வார்த்தைய நாமளே மாத்திக்கணுமாம்,” என்றேன்.

“தறிக்காரன் புள்ள எனக்குப் பாடம் நடத்திகினு இருக்கியா? நீதான் கெடுத்த. இனி கீபோர்டத் தொட்டா வேலைக்கு வராத,” என்றார் முதலாளி.

“படிச்ச பேஜாருங்க,” என்று கணக்குப்பிள்ளை சிரித்தார்.

மூன்று நாள் கையால் பில் எழுதினேன். நான்காம் நாள் சென்னைக்காரர் வந்தார். ரீட்மீயைத் திரையில் காட்டி, பேட்ச் ஃபைலில் அந்த ஒரு வார்த்தையை மாற்றினார். பில் அச்சானது. முதலாளி என் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் சார்ஜோடு சென்னைக்காரருக்கு அவர் எண்ணிக் கொடுத்தது முந்நூற்று ஐம்பது ரூபாய்.