பூஜ்யம் என்று எழுதிய டப்பா

எங்கள் வீட்டில் எண்ணெயை நிறுத்திய பிறகுதான் வீடு மினுங்க ஆரம்பித்தது.

முதலில் கவனித்தது தரையில். காலை வெயில் சமையலறை ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் ஈரக்கால் தடங்கள் மாதிரி தெரிந்தன. துடைத்தேன். ஈரம் இல்லை. மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் தடங்கள். அப்புறம் இயேசு படத்தின் கண்ணாடியில் தூசி ஒட்டிக்கொண்டு போகாமல் நின்றது. ஒரு நாள் சுவரில் ஓடிய பல்லி பாதி வழியில் வழுக்கி என் காலடியில் விழுந்தது. பல்லி வழுக்கி விழுந்து அதுவரை நான் பார்த்ததில்லை. அது அசையாமல் கிடந்து என்னையே பார்த்தது. நானும் அசையவில்லை.

ஏன் எண்ணெயை நிறுத்தினோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் மகள் கல்லூரியில் வேதியியல் முதலாண்டு படிக்கிறாள். அந்த வருடம் திடீரென்று மேல்வயிற்றில் வலி என்று சுருண்டு விழுந்தாள். தருமபுரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தம் எடுத்துப் போன ஆய்வகப் பெண் சற்று நேரத்தில் திரும்பி வந்து, "கடைசியா என்ன சாப்பிட்டுச்சுங்க பொண்ணு?" என்று கேட்டாள். முந்தின நாளிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை என்றேன். அவள் குழாயைக் காட்டினாள். அடியில் சிவப்பு இருந்தது. அதற்கு மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் தெளியவில்லை. பால். கறந்த பால் மாதிரி வெள்ளை. என் பெண்ணின் உடம்புக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் கொழுப்பை உடைக்கிற நொதி அவளுக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை என்றார் மருத்துவர். கொழுப்பு தேங்கி, கணையம் வெந்துபோயிருக்கிறது. இந்த முறை பிழைத்துவிட்டாள். இன்னொரு முறை இப்படி வந்தால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்றார். மருந்தைவிடச் சாப்பாடுதான் முக்கியம். நாள் முழுவதற்கும் எல்லாம் சேர்த்துப் பதினைந்து கிராம் கொழுப்புக்கு மேல் போகக்கூடாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி என்ற பேதமே கிடையாது. அரிசியிலும் பருப்பிலும் இருக்கிற கொஞ்சம்கூடக் கணக்கில் சேரும்.

வீட்டுக்கு வந்த அன்றே எண்ணெய்த் தூக்கு, நெய் ஜாடி, தேங்காய், நிலக்கடலை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நாங்களும் அவளோடு சேர்ந்து அப்படியே சாப்பிடுவது என்று முடிவு செய்தோம். புது நான்ஸ்டிக் தவா வாங்கினோம். வெளிநாட்டில் இருக்கும் என் கணவரின் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் நாலைந்து டப்பாக்கள் கொடுத்தனுப்பினார். சமையலுக்கான ஸ்ப்ரே. அமுக்கினால் புகை மாதிரி பீச்சும். டப்பாவின் பின்புறம், கொழுப்பு என்ற இடத்துக்கு நேரே பூஜ்யம் என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

காரிமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்குப் பாடம் எடுக்கிறேன். காலையில் சீக்கிரம் பஸ் பிடிக்க வேண்டும் என்பதால் காலைத் தோசை கணவரின் பொறுப்பு. சாயங்காலம் என்னுடையது. டப்பாவில் தீ எச்சரிக்கை போட்டிருந்ததால் அவர் ஒவ்வொரு தடவையும் தவாவை அடுப்பிலிருந்து தூக்கி, கதவுப் பக்கம் திரும்பி, கையை நீட்டிப் பிடித்து பீச்சுவார். ஊற்றும் முன் ஒரு தடவை. திருப்பும் முன், ஓரத்தில் எண்ணெய் விடுகிற பழக்கத்தில், சுற்றி ஒரு தடவை.

"அப்பா, கொசு மருந்து அடிக்கற மாதிரி அடிக்கிறீங்க."

"எத்தனை அடிச்சாலும் பூஜ்யந்தான் கண்ணு. உங்கம்மாளையே கேளு. பூஜ்யத்தை எதால பெருக்கினாலும் என்ன டீச்சர்?"

"பூஜ்யம்," என்றேன் நான், பையை மாட்டிக்கொண்டே. மூவரும் சிரித்தோம்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் மறுபடியும் வெள்ளையாக இருந்தது.

மருத்துவர் அவளை மட்டும் பார்த்துக் கேட்டார். "வெளிய ஏதாச்சும் சாப்பிடறியாம்மா? பரவால்ல, சொல்லு."

"இல்லீங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவள் கல்லூரியிலிருந்து வந்ததும் தலையைத் தடவுகிற சாக்கில் முகர்ந்து பார்ப்பேன். வறுத்த வாசனை இருக்கிறதா என்று. அவள் தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். வீடோ நாளுக்கு நாள் வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் டம்ளர் கையில் நிற்கவில்லை. கதவுக் கைப்பிடியில் யாரோ இப்போதுதான் பிடித்துவிட்டுப் போன மாதிரி விரல் அடையாளம். எண்ணெயே இல்லாத வீட்டில் எங்கிருந்தோ எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது, அவள் ரத்தத்தில் ஊறுகிற மாதிரியே. இதை யாரிடம் சொல்வது? கணவரிடம் சொன்னேன். "சரியாத் தூங்கு," என்றார்.

புதுத் தவாவில் தோசை ஒட்டவும் ஆரம்பித்தது. ஓரமெல்லாம் பழுப்பாக, கோந்து தடவினது போல ஒரு படலம். தேய்த்தாலும் போகவில்லை. ஒட்ட ஒட்ட, இன்னும் கொஞ்சம் பீச்சினோம்.

ஒரு சனிக்கிழமை அவளுடைய வெள்ளை ஆய்வக கோட்டைத் துவைக்க எடுத்தேன். இடது கையிலும் முதுகிலும் மங்கலாக எண்ணெய்க் கறை. வெளிச்சத்தில் பிடித்தால் துணி கண்ணாடி மாதிரி தெரிந்தது. எனக்கு மனசு கசந்துபோனது.

"எங்கடி தின்ன?"

அவள் படித்துக்கொண்டிருந்தாள். "என்னது?"

"பஜ்ஜியா, போண்டாவா? தொப்பூர் பக்கம் எல்லாரும் போனீங்களே, அன்னிக்கா? இது என்ன?"

கோட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் சிவந்தது. "நான் தின்னல."

"அப்ப இது எங்கிருந்து வந்துச்சு?"

"நான் தின்னலம்மா. பசியில செத்தாலும் தின்ன மாட்டேன். உனக்கு மட்டுந்தான் பயமா? வலிச்சது யாருக்கு?"

கணவர் எழுந்து வந்தார். "ஏன் கத்துறீங்க ரெண்டு பேரும்?"

அவள் கோட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இதை எங்க மாட்டி வெச்சிருந்தேன்?" என்றாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில். எழுந்து போய் அந்தச் சுவரில் விரலை இழுத்தாள். விரல் பளபளத்தது. கதவில் இழுத்தாள். இயேசு படத்தில் இழுத்தாள். விரலை என் முன்னால் நீட்டினாள். அவளும் அந்த மினுக்கத்தை இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போல.

"அப்பா, அந்த டப்பாவைக் குடுங்க."

கிறிஸ்துமஸ் கேக்குக்கு மாவு நிறுக்க நான் வைத்திருந்த சின்ன எலக்ட்ரானிக் தராசை எடுத்து மேடையில் வைத்தாள். சூடில்லாத தவாவைக் கழுவித் துடைத்து அதன் மேல் வைத்து, அது காட்டிய எடையைப் பூஜ்யமாக்கினாள்.

"தோசை சுடற மாதிரியே அடிங்க. எப்பவும் எப்படியோ அப்படியே. காலையில நான் திங்கற அஞ்சு தோசைக்கு."

"தோசையே இல்லியே கண்ணு."

"இருக்குன்னு நெனச்சுக்கங்க."

அவர் தவாவைத் தூக்கி, கதவுப் பக்கம் திரும்பி, பீச்சினார். ஊற்ற ஒன்று, திருப்ப ஒன்று. இல்லாத தோசைகளை ஒவ்வொன்றாகச் சுட்டார். கதவோரம் வெயிலில் அந்தப் புகை மிதந்து, மெதுவாக இறங்கி, கோட் தொங்கிய ஆணியின் பக்கம் போய் மறைவதை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன்.

தவாவைத் தராசில் வைத்தார். உடனே படிக்காதே என்று என்னைத் தடுத்தாள். "டப்பாவிலருந்து தள்ளிவிடற வாயுவும் சேர்ந்திருக்கும். அது ஆவியாப் போகட்டும்."

மூவரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எண் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. ஒன்பது கிராம்.

தவாவில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு மேல் ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். அவள் ஓரமாகச் சாய்த்தாள். பளபளப்பு மெதுவாக நகர்ந்து, திரண்டு, ஓரத்தில் மஞ்சளாக ஒரு குட்டையாகத் தேங்கியது. அளவுக் கரண்டியால் வழித்து எடுத்தாள். டீஸ்பூன் ஒன்று நிறைந்தது. இன்னொன்றும் கிட்டத்தட்ட நிறைந்தது.

"இது எண்ணெய்தான்," என்றாள். "வெறும் எண்ணெய். ஒரு டீஸ்பூன் நாலரை கிராம்."

கணவர் டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தார். "பூஜ்யம்னு போட்டிருக்கே!"

"எவ்வளவுக்குப் பூஜ்யம்னு போட்டிருக்கு?"

அந்தப் பொடி எழுத்தை நாங்கள் யாரும் படித்ததே இல்லை. ஒரு பரிமாறல் என்பது கால் விநாடி பீச்சல். அதில் கால் கிராம். அரை கிராமுக்குக் கீழே இருந்தால் அந்த நாட்டில் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளலாமாம். கால் விநாடி என்பது விரல் பட்டு எடுக்கிற நேரம். நாங்கள் கறுப்பு மறைந்து மினுக்கம் வரும்வரை அமுக்கினோம். காலையில் ஒன்பது, சாயங்காலம் என் கையால் அதே அளவு, பொரியலுக்கு நான் அடித்தது தனி. பதினைந்துக்குள் இருக்க வேண்டிய பெண்ணுக்கு எண்ணெய் மட்டுமே அதைத் தாண்டியிருந்தது. தவா ஒட்டியதற்குக் காரணமும் அதுவேதான். ஸ்ப்ரேயில் கலந்திருக்கும் ஒரு பொருள் சூட்டில் காய்ந்து கோந்தாகப் படியுமாம். படிந்தால் ஒட்டும், ஒட்டினால் நாங்கள் பீச்சுவோம்.

கணவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "தினமும் நாந்தானே..." என்றார். நான் மகளின் பக்கம் திரும்பினேன். அவள் கோட்டை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். "நானே தொவச்சுக்கறேன்," என்றாள்.

டப்பாக்களைத் தூக்கிப் போட்டோம். புதுத் தவா வாங்கினோம். உணவு ஆலோசகரைப் பார்த்தபோது அவர், ஸ்ப்ரே கெட்டதில்லை, உண்மையிலேயே கால் விநாடி அடிக்க முடிந்தால் கரண்டியைவிடக் குறைவுதான், ஆனால் கண்ணால் அளக்க முடியாததை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் என்று காலையிலேயே அளந்து கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுகிறோம்; அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். நல்ல தவாவில் மாவு எண்ணெயே இல்லாமல் எழும்பி வருகிறது. அடுத்த பரிசோதனையில் கொழுப்பு மருத்துவர் சொன்ன ஆபத்து எல்லைக்குக் கீழே வந்திருந்தது. மருத்துவர் அவளிடம், "உன்னைச் சந்தேகப்பட்டேம்மா," என்றார். அவள் சிரித்தாள். நான் அந்த வார்த்தையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் வேறு ஏதாவது வேலையாக எழுந்து போய்விடுகிறாள்.

சமையலறையைச் சோப்புப் போட்டுச் சுவர் வரை கழுவினோம். இப்போது எதுவும் மினுங்குவதில்லை. ஆனாலும் வெயில் சாயும்போது நான் தரையைக் குனிந்து பார்க்காமல் இருப்பதில்லை.

இன்று காலை கணவருக்குப் பதில் நானே அவளுக்குத் தோசை ஊற்றலாம் என்று எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். அவள் தலையை வாரிக்கொண்டே வந்து, என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள். கோபமாக இல்லை. "நீ நகரும்மா," என்றாள்.

அவள் சுடுவதைப் பார்த்துக்கொண்டு கதவருகே நின்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவளும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.