ஏழு நிமிட வேலை

சம்பளம் ஏறிவிட்டதாக வங்கியிலிருந்து செய்தி வந்தபோது நான் அடுப்படியில் நின்றிருந்தேன். தொகையைப் பார்த்ததும் வேறு யாருக்கோ வரவேண்டிய செய்தி தவறி வந்துவிட்டது என்றே நினைத்தேன். திரும்பவும் பார்த்தேன். என் கணக்குதான். போன மாதத்தைவிடக் குறைவாக இருந்தது.

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் பிரிவில் நானும் இன்னொரு அண்ணனும் மட்டும்தான். அவர் எனக்கு சீனியர். பகலில் இருவரும் இருப்போம். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்கேன் அறையில் ஆள் கிடையாது. அந்த நேரங்களுக்கு வாரம் ஒருவர் மாற்றி ஒருவர் ‘வீட்டு டூட்டி’ பார்ப்போம். போன் எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கூப்பிட்டால் இருபது நிமிடத்துக்குள் மருத்துவமனையில் நிற்க வேண்டும். அந்த வாரம் சுரண்டையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக்கூடப் போக முடியாது. அருவியில் குளிப்பதை நினைத்தே பார்க்கக் கூடாது.

அதற்குத்தான் ஸ்டாண்ட்பை அலவன்ஸ் என்று ஒன்று கொடுத்தார்கள். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், காத்திருந்ததற்கான காசு அது. கூப்பிட்டுப் போனால், போன் வந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை மணிக்கணக்கில் தனியாகத் தருவார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை.

அந்த மாதம் குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. சாரலும் கூட்டமும். பாறையில் வழுக்கி விழுந்தவர்கள், மதுரை ரோட்டில் வேனோடு கவிழ்ந்தவர்கள் என்று என் டூட்டி வாரங்களில் பாதி இரவுகளில் போன் வந்தது. உடம்பு அசந்து போனாலும் சம்பளம் நன்றாக வரும், மகளுக்கு சைக்கிள் வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்கு முந்தைய மாதமோ, ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டார்கள். அந்த மாதத்தைவிட இந்த மாதம் எப்படிக் குறையும்?

மறுநாள் காலையில் நேராக எச்.ஆர். அறைக்குப் போனேன். அங்கே இருப்பவன் என்னைவிட இளையவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

“தம்பி, சம்பளத்துல ஏதோ தப்பு விழுந்திருக்கு. கொஞ்சம் பாருங்க.”

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டான். “தப்பு இல்லக்கா. புது ரூல். சர்க்குலர் வாட்ஸ்அப்புல போட்டிருந்தனே, பாக்கலியா?”

“பாத்தேன். ‘உண்மையான பணி நேரத்துக்கே ஊதியம்’னு இருந்துச்சு. நல்லதுதானன்னு நெனச்சேன்.”

அவன் நிதானமாகச் சொன்னான். மெஷினில் ஸ்கேன் எதுவும் பதிவாகாத நாளுக்கு முழு அலவன்ஸ் உண்டு. வந்து ஸ்கேன் எடுத்த நாளுக்கு அலவன்ஸ் கிடையாது. வேலை பார்த்த நேரத்துக்கு மட்டும்தான் காசு. அந்த நேரத்தையும் போன் வந்ததிலிருந்து எண்ணுவதில்லை. ஸ்கேன் மெஷினில் முதல் படம் பதிவான நேரத்திலிருந்து கடைசிப் படம் பதிவான நேரம்வரைதான்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது மனதுக்குள் ஒரு தலை ஸ்கேனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தலை ஸ்கேன் என்றால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே சில நிமிடங்கள்தான் இருக்கும். அதற்கு முன்னால் நான் வண்டியை எடுத்து வர வேண்டும். மெஷினைச் சூடேற்ற வேண்டும். அடிபட்டவரின் கழுத்து அசையாமல் நான்கு பேராகப் பிடித்து மேடையில் ஏற்ற வேண்டும். கம்மலையும் கொண்டை ஊசியையும் கழற்ற வேண்டும். வலியில் திமிறுகிறவரை அசையாமல் படுக்க வைக்க வேண்டும். முடிந்ததும் படத்தை டாக்டருக்கு அனுப்பிவிட்டு, இன்னொரு ஸ்கேன் வேண்டுமா என்று காத்திருக்க வேண்டும். பிறகு மேடையில் இருக்கும் ரத்தத்தைத் துடைக்க வேண்டும். இவை எதுவும் மெஷினில் பதிவாகாது.

“அப்ப நான் போகாம வீட்டுலயே இருந்திருந்தா இதவிட அதிகமாக் காசு வந்திருக்கும். அப்படித்தான?”

“ஆமாக்கா. கணக்கு அப்படித்தான் வருது.”

சொல்லிவிட்டு அவனே திகைத்துப் போனான். அந்தக் கணக்கை அவன்தான் போட்டிருந்தான். ஆனால் இப்படி ஒரு வாக்கியமாக அதை அவன் வாய் சொன்னதே இல்லை போலிருக்கிறது.

“இத யாரு தம்பி சொல்லிக் கொடுத்தது?”

“பெரிய டாக்டரும் ஆடிட்டர் சாரும் பேசி முடிவு பண்ணினாங்க. ஒரு ஸ்கேனுக்கு ஏழு நிமிசம்தான்னு ஒங்க ஸ்கேன் ரூம் அண்ணன்தான் சொன்னாங்களாம்.”

காதை நம்ப முடியவில்லை. எத்தனையோ நாட்கள் என்னோடு சேர்ந்து ஆள் தூக்கியவர் அவர். என் பிரசவ நேரத்தில் என் டூட்டி முழுவதையும் அவர்தான் பார்த்தார். நேராகப் படியிறங்கி ஸ்கேன் அறைக்குப் போனேன்.

அண்ணன் ஃபிலிம்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“நானா? நான் எப்பம்மா சொன்னேன்?”

கொஞ்ச நேரம் யோசித்தவர், பிறகு மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். “அய்யய்யோ. ஒருநா பெரிய டாக்டரு யாரையோ கூட்டிட்டு வந்தாரு. மெஷினக் காட்டுதாருன்னு நெனச்சேன். ‘ஒரு தலை ஸ்கேனுக்கு எவ்வளவு நேரமாகும்’னு கூட வந்தவரு கேட்டாரு. நானும் கெத்தா, ‘நம்ம கை பட்டா ஏழு நிமிசம் சார்’ன்னுட்டேன்.”

“அவருதான் ஆடிட்டர்.”

“எனக்கென்ன தெரியும்? மெஷினப் பத்திக் கேக்குதாருன்னுதான் சொன்னேன்.”

“ஒங்க சம்பளத்தப் பாத்தீங்களாண்ணே?”

பார்க்கவில்லை. வங்கிச் செய்தியெல்லாம் அவர் மனைவியின் போனுக்குத்தான் போகும். அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். மறுமுனையில் அவர் மனைவி தொகையைச் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அண்ணனின் முகம் மட்டும் தெரிந்தது. அவருக்கு என்னைவிட அதிகமாக வெட்டு விழுந்திருந்தது. அவர் மீதிருந்த ஆத்திரமெல்லாம் எனக்கு அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

மருத்துவமனையின் முதலாளியான பெரிய டாக்டரைத் திங்கள்கிழமைதான் பார்க்க முடியும் என்றார்கள். நடுவில் வந்த ஞாயிறு என் டூட்டி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது போன் அடித்தது. மருத்துவமனை எண். எடுக்கப் போன என் கையின் மேல் என் கணவர் கையை வைத்தார். அவருக்கு பஜாரில் செல்போன் ரிப்பேர் கடை. யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுஷர்.

“எடுக்காத ஏட்டி. அடிச்சு ஓயட்டும். போனா இன்னைக்கு அலவன்ஸ் போச்சு. பெட்ரோலும் நம்மளது.”

அவர் வாயிலிருந்து இது வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைவிட அதிர்ச்சி, என் கை உடனே அவர் கையை உதறவில்லை என்பது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எடுத்தேன்.

டூட்டி டாக்டர்தான். “சிஸ்டர், ஹெட் இன்ஜுரி. அருவிக்கரையில வழுக்கி விழுந்திருக்கான். சீக்கிரம் வாங்க.”

இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. உடம்பெல்லாம் இன்னும் ஈரம். தலையில் தேய்த்த எண்ணெயும் ரத்தமும் கலந்து வழிந்தன. கூட வந்த நண்பர்கள் ஈரத் துண்டோடு வாசலில் நின்று அழுதார்கள். அவன் வாந்தியெடுத்துக்கொண்டே இருந்ததால் இரண்டு முறை மேடையிலிருந்து இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. உள்ளே ரத்தக்கசிவு இருந்தது. படங்கள் போய்ச் சேர்ந்ததும் ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். நான் எல்லாவற்றையும் துடைத்து முடித்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

மறுநாள் பெரிய டாக்டரின் அறையில் நானும் அண்ணனும் எச்.ஆர். தம்பியும் நின்றோம். அவர் அண்ணனைத்தான் முதலில் பார்த்தார்.

“ஏழு நிமிஷம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“மெஷின் ஓடுததுக்குச் சொன்னேன் சார். ஆள ஏத்தி எறக்குததுக்குச் சொல்லல.” என்றார் அண்ணன்.

எச்.ஆர். தம்பி பேசுவான் என்று நான் நினைக்கவே இல்லை. கேட் நோட்டுப்படி, நேற்று நான் கேட்டில் நுழைந்ததற்கும் வெளியேறியதற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்குக் கிட்டே ஆகியிருக்கிறது என்றான் அவன். மெஷின் கணக்கில் அது ஒன்பது நிமிடம்.

“சார், இந்த ரூல்ல போன எடுக்காதவங்களுக்குத்தான் லாபம். நாளைக்கு யாராவது எடுக்காம விட்டுட்டா, வந்த கேஸ அப்படியே திருநெல்வேலிக்குத்தான் தள்ளணும்.”

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். அவர் அதை யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. காத்திருப்பதை அவர் ஒரு வேலையாக எண்ணியிருக்கவில்லை. நாங்கள் எப்படியும் வந்துவிடுவோம் என்பதை மட்டும் எண்ணியிருந்தார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“எடுக்காம இருந்திருவீங்களாம்மா?”

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்கும்படி ஆகிவிட்டதே என்றிருந்தது.

“நேத்து எடுத்தேன் சார். எடுக்காதன்னு எங்க வீட்டுக்காரங்க கையப் பிடிச்சாங்க. அவங்க சொன்னது தப்புன்னு எனக்கு வாதாடத் தெரியல.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.  பிறகு எச்.ஆர். தம்பியிடம், “மாத்தி எழுதிட்டு வா” என்றார்.

மாற்றி எழுதியது முழுக்கப் பழையபடி இல்லை. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அலவன்ஸ் உண்டு. கூப்பிட்டால், கேட்டில் நுழைந்ததிலிருந்து வெளியேறும்வரை வேலை நேரம். குறைந்தது ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வார்கள். வழியில் வருகிற, போகிற நேரம் சேராது. நடப்பு மாதத்திலிருந்து அமல். வெட்டிய பணம் திரும்பி வராது. அண்ணன் அதற்கும் பேச வாயெடுத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இதுவரை வந்ததே போதும் என்றிருந்தது.

சாயங்காலம் டீ குடிக்க வீட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அந்தப் பையன் பொழச்சிக்கிட்டானா?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாகச் சம்பளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில், அதை ஒருவரிடமும் கேட்கவில்லை. டூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். ஆபரேஷன் முடிந்ததாம். கண் திறந்து பார்க்கிறானாம், இன்னும் பேசவில்லையாம்.

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வாசலில் செருப்பை மாட்டினார். பிறகு, “பேசிருவான்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.